தினமும் 3,600 ரூபாய் அதிகம்: நம்பலாமா?

ஒரு மளிகைக் கடைக்கு ஊருக்குள் இரண்டு கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பஸ் ஸ்டாண்ட் பக்கம், மற்றொன்று காலனிக்குள். 30 நாள் கணக்கைப் பார்த்தால் பஸ் ஸ்டாண்ட் கிளையில் தினசரி விற்பனை சராசரியாக 48,200 ரூபாய், காலனிக் கிளையில் 44,600. வித்தியாசம் 3,600 ரூபாய். காலனிக் கிளைக்கு வேறு மேனேஜரைப் போடலாமா என்று முதலாளி யோசிக்கிறார்.

கொஞ்சம் பொறுக்க வேண்டும். இரண்டு கடையிலும் விற்பனை ஒரே சீராக இல்லை. சம்பளம் வந்த வாரம் 60,000-ஐத் தாண்டுகிறது, மாதக் கடைசிச் செவ்வாயில் 35,000-க்கு இறங்குகிறது. இவ்வளவு ஏறி இறங்கும் கணக்கில், இரண்டு கடைகளும் உண்மையில் சமமாகவே இருந்தாலும், 30 நாள் சராசரிகள் ஒன்றுபோல வராது. அப்படித் தானாக வரக்கூடிய வித்தியாசம்தானா இந்த 3,600?

இதைத்தான் கருதுகோள் சோதனை கேட்கிறது. முதலில் ‘இரண்டு கிளைக்கும் வித்தியாசமே இல்லை’ என்று பேச்சுக்கு ஒப்புக்கொள்கிறோம். அது உண்மையானால், இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாகக் கண்ணில் பட எவ்வளவு வாய்ப்பு? அந்த எண்தான் பி-மதிப்பு.

டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், 1908-ல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது டி-சோதனை. கையில் கொஞ்சமே தரவு இருக்கும்போது எவ்வளவு நம்பலாம் என்பதுதான் அவருடைய கவலை. கடைக்காரரின் கவலையும் அதேதான்.

நம் கணக்கில் பஸ் ஸ்டாண்ட் கிளையின் திட்டவிலக்கம் 9,000, காலனிக் கிளையினுடையது 8,000 என்று கொள்வோம். இரண்டையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பட்டியல்களாக எடுத்து டி-சோதனை போட்டால் பி-மதிப்பு சுமார் 0.11 வரும். வழக்கமாகச் சொல்லும் 0.05 எல்லையைவிட இது அதிகம். உடனே ‘இரண்டு கிளையும் சமம் என்று நிரூபணமாகிவிட்டது’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அது தவறு. ‘சமமாக இருக்க 11 சதவீத வாய்ப்பு’ என்பதும் தவறு. சமம் என்று வைத்துக்கொண்டால் இப்படி ஒரு வித்தியாசம் நூற்றுக்குப் பதினொரு முறை தற்செயலாக வரும். அவ்வளவுதான் அது சொல்கிறது. உண்மையான வித்தியாசம் இருந்தும், இந்தத் தரவு அதைக் காட்டப் போதாமல் இருக்கலாம்.

இங்கே தரவு மட்டும் குறையல்ல, சோதனையே பொருந்தவில்லை. ஞாயிறு இரண்டு கடைக்கும் ஞாயிறுதான். சம்பள வாரமும், பண்டிகையும், மழையும் இரண்டுக்கும் சேர்ந்தே வருகின்றன. எனவே ஒவ்வொரு தேதியிலும் பஸ் ஸ்டாண்ட் விற்பனையிலிருந்து காலனி விற்பனையைக் கழித்து, அந்த 30 கழித்தல்களை மட்டும் பார்க்க வேண்டும். சராசரி அதே 3,600தான். ஆனால் பொதுவான ஏற்ற இறக்கம் கழிந்துபோவதால் திட்டவிலக்கம் 5,500 என்று சுருங்கினால், பி-மதிப்பு 0.001 அளவுக்கு இறங்கிவிடும். கடைகளும் எண்களும் அவையேதான். தேதியைக் கணக்கில் சேர்த்தோம், அவ்வளவுதான். எக்செலில் பி-மதிப்பைத் தருவது இந்த ஒரு வரி:

```
=T.TEST(B2:B31,C2:C31,2,1)
```

கடைசி 1 தேதிவாரியாக ஜோடி சேர்க்கச் சொல்கிறது; அங்கே 3 போட்டால் தனித்தனிப் பட்டியல்களாக எடுத்துக்கொள்ளும். இரண்டையும் போட்டுப் பார்த்து, பிடித்த விடையை எடுத்துக்கொள்ளக் கூடாது. தரவு சேர்ந்த விதம்தான் சோதனையைத் தீர்மானிக்க வேண்டும். அதேபோல தினமும் சாயங்காலம் கணக்குப் போட்டு, 0.05-க்குக் கீழே இறங்கிய அன்றைக்கு நிறுத்திக்கொள்வதும் ஆகாது. அப்படிக் காத்திருந்தால் சமமான கடைகளும் ஒருநாள் வித்தியாசமாகத் தெரியும்.

30 கழித்தல்களையும் கண்ணால் ஒருமுறை பார்ப்பது அவசியம். ஒரே நாளில் கல்யாண ஆர்டர் ஒன்று போயிருந்தால் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு கிளை பூட்டியிருந்த நாளும் அப்படித்தான்.

பி-மதிப்பு சிறியதாக வந்தாலும் வித்தியாசம் எவ்வளவு என்பதை அது சொல்லாது. அதற்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி வேண்டும்: இந்தக் கணக்கில் அது தினமும் சுமார் 1,550 முதல் 5,650 ரூபாய் வரை. இது விற்பனை வித்தியாசம்தான், லாபம் அல்ல. பஸ் ஸ்டாண்ட் கடையின் வாடகை நாளொன்றுக்கு எவ்வளவு கூடுதல், 1,550 ரூபாய் விற்பனையில் நிற்கும் லாபம் அதற்கு ஈடாகுமா என்று முதலாளி பார்க்க வேண்டும். மேனேஜரை மாற்றும் யோசனைக்கோ இதில் பதிலே இல்லை. வித்தியாசம் ஆளால் வந்ததா, இடத்தால் வந்ததா என்பதை இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது.