தாய்மைக் கால ஆடைகள்: அளவைப் பார்க்காதீர்கள், இழுவையைப் பாருங்கள்

சென்ற ஆண்டு என் மகள் தலைப்பிரசவத்துக்காக என்னிடம் வந்திருந்தாள். பிரசவம் ஊரில் இல்லை, இங்கே தில்லியில்தான். ஐந்தாம் மாதத்தில் அவளுடைய பழைய உடைகள் எதுவும் சேரவில்லை. "பெரிய சைஸாக வாங்கிவிட்டால் கடைசி வரை போதுமே" என்று நான்தான் சொன்னேன். வழக்கமாக மீடியம் அளவு அணிபவளுக்கு இரண்டு எக்ஸ்.எல். அளவில் நான்கு பருத்திக் குர்த்தாக்கள் வாங்கினோம். வயிற்றுக்குச் சரியாகத்தான் இருந்தன. ஆனால் தோள் சரிந்து முழங்கைக்கு இறங்கியது. கீழ் விளிம்பு கணுக்காலைத் தொட்டது. ஒரு நாள் மெட்ரோ நிலையப் படியில் ஏறும்போது முன்பக்கத் துணியை மிதித்து இடறிவிட்டாள். கைப்பிடி அருகில் இருந்ததால் தப்பினாள். அன்று மாலையே அந்த நான்கையும் மடித்து வைத்துவிட்டு, இஞ்சி டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முப்பது ஆண்டுகளாக வீட்டில் தையல் தைப்பவள் நான். அப்படியிருந்தும் ஓர் எளிய விஷயத்தை மறந்திருந்தேன். கர்ப்பத்தில் தோளும் முதுகும் அதிகம் மாறுவதில்லை. மார்பும் வயிறும்தான் வளர்கின்றன. பெரிய சைஸ் என்றால் எல்லா இடமும் பெரிதாகும். நமக்கு வேண்டியது தோளில் சரியாக நின்று, வயிற்றில் மட்டும் விரிந்து, பிறகு சுருங்கும் துணி.

எந்தத் துணி?

சேலை, வாயில், பாப்ளின் போன்றவை நெய்த துணிகள். குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடுவதால் இழுத்தால் கொடுக்காது. பனியன் துணி வேறு. அது கண்ணி கண்ணியாகப் பின்னியது. நம் திருப்பூர் பெயர் பெற்றதே இந்தப் பின்னலாடையால்தான். இழுத்தால் கண்ணிகள் அகலும். ஆனால் சுத்தப் பருத்திப் பின்னல் விரிந்த அளவுக்குத் திரும்பாது. பழைய பனியனின் கழுத்து தொங்கிப்போவது இதனால்தான்.

திரும்பி வரச் செய்வது எலாஸ்டேன் என்ற ரப்பர் போன்ற இழை. சில சீட்டுகளில் ஸ்பான்டெக்ஸ் என்று இருக்கும்; இரண்டும் ஒன்றே. லைக்ரா என்பது அதன் ஒரு வணிகப் பெயர். பருத்தி 95, எலாஸ்டேன் 5 விழுக்காடு என்றிருந்தால் மேலாடைக்கும் லெக்கிங்ஸுக்கும் போதும். பாலியெஸ்டர் கூடுதலாகக் கலந்திருந்தால் வியர்வையை உறிஞ்சாது. தில்லியின் மே, ஜூன் மாதங்களில் அது பெரிய தொந்தரவு. "காட்டன் ஃபீல்" என்ற எழுத்தை நம்பாமல் உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். துணியின் குறுக்கே நான்கு அங்குலத்தை இரு கைகளாலும் பிடித்து ஆறு அங்குலம் வரும்வரை இழுங்கள். பத்து எண்ணும்வரை வைத்திருந்து விடுங்கள். மீண்டும் நான்குக்கு வர வேண்டும். நாலரையில் நின்றுவிட்டால் ஒரு மாதத்தில் தொளதொளத்துவிடும். இழுத்த நிலையில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விரல் தெரிந்தால், ஒன்பதாம் மாதத்தில் வயிறும் தெரியும்.

இடுப்புப் பட்டிக்கு ஒரு கணக்கு

ஆறு அங்குலம் வரை இழுபடும் என்பதற்காக அவ்வளவும் இழுத்து அணியக் கூடாது. துணி தன் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விரியாமல் இருந்தால்தான் நாள் முழுவதும் உறுத்தாது என்பது என் அனுபவம். பட்டியைத் தட்டையாக விரித்து அகலத்தை அளந்து இரண்டால் பெருக்கினால் அதன் சுற்றளவு கிடைத்துவிடும்.

மகளின் வயிற்றுச் சுற்றளவு மூன்றாம் மாதம் 32 அங்குலம், ஐந்தில் 36, ஏழில் 39, ஒன்பதில் 42. அவளிடம் இருந்த சாதாரண லெக்கிங்ஸின் பட்டி 28 அங்குலம். மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் சுமார் 37. ஐந்தாம் மாதம் வரை அது தாங்கியது. ஏழாம் மாதம் கழற்றியபோது சிவந்த கோடு விழுந்து, அரை மணி நேரமாகியும் மறையவில்லை. இறுக்கத்துக்கு அதுவே அடையாளம். பிறகு வயிற்றை முழுவதும் மூடும் அகலப் பட்டி வைத்தது வாங்கினோம். அதன் சுற்றளவு 32. ஏறத்தாழ 42 வரை கொடுக்கும். கடைசி நாள் வரை அதுவே போதுமானதாக இருந்தது.

பிரசவத்துக்குப் பின்னும் அதுதான் உதவியது. குழந்தை பிறந்தவுடன் வயிறு பழைய அளவுக்கு வந்துவிடாது. கருப்பை சுருங்கவே ஆறு வாரம் வரை ஆகும். அப்போது அவள் அளவு 36. 32 அங்குலப் பட்டி நழுவாமல் நின்றது. அவளுக்கு சிசேரியன் ஆயிற்று. வழக்கமான வெட்டு அடிவயிற்றில், சாதாரண எலாஸ்டிக் உட்காரும் அதே இடத்தில் இருக்கும். தாழ்ந்த பட்டி அங்கே உராய்ந்து வலிக்கும். உயர்ந்த பட்டி அதற்கு மேலே போய்விடுவதால் தையலில் அழுத்தாது. உள்ளாடைக்கும் இதே விதிதான்.

மேலாடை

தோள் சைஸில், அதாவது மகளுக்கு மீடியத்தில், பக்கவாட்டில் சுருக்கம் வைத்துத் தைத்ததாகத் தேர்ந்தெடுத்தோம். வயிறு வளர வளர முன்விளிம்பு மேலே ஏறும். சுருக்கம் அதற்கு இடம் கொடுக்கும். பருத்திப் பின்னல் முதல் சலவையில் நீளவாட்டில் சற்றுச் சுருங்கும் என்பதால், முழங்காலுக்கு இரண்டு அங்குலம் கீழே இருப்பதாகப் பார்த்தோம். கால் தடுக்கும் அளவுக்கு வேண்டாம்.

பால் கொடுக்க வசதியும் இப்போதே பார்த்துவிட வேண்டும். ஜிப் இழுபடாது, இழுபடும் துணியில் வைத்தால் அலை அலையாகச் சுருண்டு நிற்கும். மார்புக்குக் கீழே மேல்துணி தனியாகத் தூக்கும்படி இரண்டு அடுக்காகத் தைத்தது மேல். கடையில் ஒரு கையால் திறந்து பாருங்கள். மறு கையில் குழந்தை இருக்கும்.

உள்ளே அணியும் பிராவைக் கம்பி இல்லாததாக, எட்டாம் மாதத்தில் வாங்கலாம். அப்போது கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்ந்த நிலையில், சரியாக இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் விலா சுருங்கும்போது உள்கொக்கிகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். பால் சுரப்பு கூடும் முதல் வாரத்தில் மார்பு மேலும் பெருக்கும் என்பதால் கிண்ணத்தில் சிறிது இடம் விட்டிருக்கட்டும்.

துவைப்பது

எலாஸ்டேனுக்குச் சூடு ஆகாது. கொதிநீரில் ஊறவைத்தாலோ சூடான இஸ்திரி போட்டாலோ இழை தளர்ந்து போகும். தண்ணீர்க் குழாயில் வரும் நீரில் துவைத்து, முறுக்காமல் பிழிந்து, நிழலில் உலர்த்துங்கள். ஈரத் துணியைக் கொடியில் தொங்கவிட்டால் கனத்தால் நீளும்; படுக்கவைத்து உலர்த்துவது நல்லது.

முதலில் வாங்கிய நான்கு குர்த்தாக்களில் இரண்டைப் பிரித்துப் பேரனுக்குத் தொட்டில் விரிப்பாகத் தைத்துவிட்டேன். மற்ற இரண்டு பெட்டியில் இருக்கின்றன. மகள் அவற்றைத் தொடுவதாக இல்லை.