மோட்டார் கொட்டகையில் ஒரு செயல்விளக்கம்

ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பூந்தோட்டங்களும் வாழையும் ஆழ்துளைக் கிணற்றை நம்பித்தான் இருக்கின்றன. அங்கே ஒரு விவசாயியிடம் செல்போனில் இயக்கும் மோட்டார் ஸ்டார்ட்டரை விற்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போனில் அவர் மூன்று சங்கடங்களைச் சொல்லியிருக்கிறார். ராத்திரி கரண்ட் வந்தால் இருட்டில் கொட்டகைக்கு நடக்க வேண்டியிருக்கிறது. போன வருஷம் ஒரு ஃபேஸ் போய் மோட்டார் காயில் எரிந்தது. கோடையில் ஒன்றரை மணி நேரம் ஓடினால் போரில் தண்ணீர் அற்றுப்போகிறது, மோட்டார் சும்மா ஓடுகிறது.

செயல்விளக்கம் என்பது இந்த மூன்றையும் அவர் கண்முன்னே நடத்திக் காட்டுவதுதான். பெட்டியில் வேறு பத்து வசதிகள் இருக்கலாம். அவர் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

எரிந்த காயிலை அப்படியே நம்பிவிடக் கூடாது. காயில் கட்டிய கடையில் முதலில் விசாரியுங்கள். மூன்று ஃபேஸ் சுற்றுகளில் சில மட்டும் கருகி, மற்றவை நன்றாக இருந்தால் ஃபேஸ் போனதன் அடையாளம். எல்லாமே ஒன்றுபோலக் கருகியிருந்தால் சுமை கூடியிருக்கலாம், வோல்டேஜ் குறைந்திருக்கலாம். கேபிள் ஜாயிண்டில் தண்ணீர் இறங்கிக் கெட்ட மோட்டாரை உங்கள் பெட்டி காப்பாற்றியிருக்காது. காரணம் வேறு என்றால், காட்ட வேண்டியதும் வேறு.

இன்னொரு கேள்வியும் உண்டு: “அண்ணே, டூ ஃபேஸ்ல கண்டென்சர் போட்டு ஓட்டுறீங்களா?” நம் ஊரில் இந்த வழக்கம் உண்டு. அப்படி ஓட்டுகிறவரிடம் ஃபேஸ் பாதுகாப்பைப் பெருமையாகக் காட்டினால், அவருக்குக் கிடைக்கும் சேதி ஒன்றுதான்: இரண்டு ஃபேஸ் வரும் நேரத்தில் இனி மோட்டார் ஓடாது. இதை முன்கூட்டியே பேசி முடிக்காமல் கொட்டகைக்குள் கால் வைக்காதீர்கள்.

போகும் நேரத்தை அவருடைய பிரச்சினைதான் முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் ஒன்றரை மணி நேரத்தில் அறுமென்றால், அன்று ஒரு மணி நேரம் முன்பே மோட்டாரைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் போய், மோட்டாரை நிறுத்தி, பெட்டியை அவருடைய எலக்ட்ரீசியனை வைத்து இணைத்து, மறுபடி ஓட விட்டால் போர் சீக்கிரமே வற்றும் தறுவாய்க்கு வரும். தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டாருக்கு வேலை குறைவு, அதனால் அது இழுக்கும் ஆம்பியரும் குறையும். பெட்டி கவனிப்பது அதைத்தான். மீட்டரில் எண் இறங்குவதை அவரே பார்க்கட்டும். குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வரும், எண் சரியும், சில நொடியில் மோட்டார் நிற்கும், அவர் போனுக்குத் தகவல் போகும். இந்த அரை நிமிடத்தில் நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. வால்வை மூடிக் காட்டுவது குறுக்கு வழி. எல்லா பம்பிலும் அது பலிக்காது, அவர் சொன்ன கஷ்டமும் அது இல்லை.

அடுத்தது ஃபேஸ். ஓடும் மோட்டாரில் ஃபியூஸைப் பிடுங்கிக் காட்டும் வீரம் வேண்டாம், தீப்பொறி பறக்கும். மெயினை நிறுத்தி, எலக்ட்ரீசியன் ஒரு ஃபியூஸைக் கழற்றட்டும். மெயினைப் போட்டு, விவசாயியே ஸ்டார்ட் அழுத்தட்டும். பெட்டி மறுக்கும், எந்த ஃபேஸ் இல்லை என்றும் காட்டும். “போன வருஷம் இது இருந்திருந்தா?” என்று அவர் தொடங்கினால் வேலை முடிந்தது. நீங்களாக அந்த வாக்கியத்தைச் சொன்னால் பாதி பலன்தான். குறைந்த வோல்டேஜை இது சரிசெய்யாது, மோட்டாரை ஓடவிடாமல் காப்பாற்றும், அவ்வளவுதான் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்தால் ஏமாற்றியது போலாகும்.

ராத்திரி நடையைக் கொட்டகையில் காட்ட முடியாது. அவர் வீட்டு வாசலுக்குப் போய், அவருடைய போனிலிருந்து அவரே மோட்டாரைப் போட வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்குக் கொட்டகையில் சிக்னல் கிடைக்கிறதா என்பதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். இரும்புப் பெட்டிக்குள் ஆன்டெனா இருந்தால் சிக்னல் செத்துவிடும், அதை வெளியே இழுத்து வையுங்கள். எந்த கம்பெனி சிம்மும் எடுக்காத கொட்டகையும் உண்டு. அங்கே டைமரை மட்டும் காட்டலாம், அல்லது பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வரலாம்.

விளக்கம் தடம் மாறுவதை அவர் கேள்விகளிலேயே கண்டுபிடிக்கலாம். “தம்பி, இது எதுக்கு?” என்று கேட்டால், அவர் சொல்லாத ஒன்றை நீங்கள் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். “எங்க அப்பா கூப்பிட்டாலும் ஓடுமா?” என்று கேட்டால், அவர் மனசுக்குள் அதை மாட்டிப் பார்த்துவிட்டார். அப்பாவின் எண்ணை அப்போதே சேர்த்து, அவரையும் ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்கள்.