குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே ஒன்றரை சென்டிமீட்டர்

சாலையைத் தோண்டிப் போடாமல் அதன் அடியில் கழிவுநீர்க் குழாய் பதிக்க வேண்டும் என்றால், தெருவின் இந்த முனையில் ஒரு குழி, அந்த முனையில் ஒரு குழி போதும். முதல் குழியின் அடியில் ஹைட்ராலிக் ஜாக்கிகளைப் பொருத்தி, கான்கிரீட் குழாயைப் பின்னாலிருந்து மண்ணுக்குள் தள்ளுவார்கள். குழாய் வரிசையின் தலையில் மண்ணைக் குடைந்துகொண்டு ஓர் இயந்திரம் போகும். ஒரு குழாய் உள்ளே போனதும் ஜாக்கி பின்வாங்கும், கிரேன் அடுத்ததை இறக்கும், மறுபடியும் தள்ளுவார்கள். இதுதான் பைப் ஜாக்கிங். இயந்திரத்துக்குள் ஆள் இல்லாமல், மேலே கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து லேசர் புள்ளியைப் பார்த்தபடி ஓட்டினால் அது மைக்ரோடனலிங். அமெரிக்காவின் நார்தர்ன் பசிபிக் ரயில்வே 1890களின் கடைசியிலேயே தண்டவாளத்துக்கு அடியில் குழாய் தள்ளியிருக்கிறது. ஆளில்லா இயந்திரம் 1970களில் ஜப்பானில் வந்தது.

மெட்ரோ ரயில் சுரங்கத்தில் கான்கிரீட் வளையத்தை மாட்டிய இடத்திலேயே விட்டுவிட்டு இயந்திரம் மட்டும் முன்னே போகும். பைப் ஜாக்கிங்கில் முதல் நாள் இறக்கிய குழாயும் கடைசி நாள் வரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் தள்ளத் தள்ள, மண்ணோடு உரசும் பரப்பும் கூடிக்கொண்டே போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாயின் உள்விட்டம் 1.2 மீட்டர், வெளிவிட்டம் 1.45 மீட்டர், தள்ள வேண்டிய தூரம் 200 மீட்டர், மண் நீர் ஊறிய மணல் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தின் முகப்பில் மண்ணும் நீரும் எதிர்த்துத் தள்ளுவதைச் சமாளிக்க 25 டன் வரை போதும். அது தூரத்தோடு கூடுவதில்லை. குழாயின் வெளிப்பரப்போ 200 மீட்டரில் ஏறக்குறைய 910 சதுர மீட்டர். மணல் சரிந்து குழாயைச் சுற்றிக் கவ்விக்கொண்டால், சதுர மீட்டருக்கு ஒரு டன் உராய்வு வருவது சாதாரணம். அப்படியானால் கடைசி மீட்டரில் 900 டன்னுக்கு மேல் தள்ள வேண்டும். இந்த அளவுக் குழாயின் சுவர் 400, 500 டன் வரைதான் பத்திரமாகத் தாங்கும். ஜாக்கிக்குப் பின்னால் கட்டியிருக்கும் சுவரும் அவ்வளவையும் தாங்கியாக வேண்டும். ஆக, பாதி வழியிலேயே வேலை நின்றுவிடும்.

அதனால் இயந்திரத்தின் வெட்டும் தலையைக் குழாயைவிடச் சற்றுப் பெரிதாக வைக்கிறார்கள். நம் கணக்கில் சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. அதில், குழாய்ச் சுவரில் ஆங்காங்கே விட்டிருக்கும் துளைகள் வழியாக பென்டோனைட் கரைசலைச் செலுத்துவார்கள். பென்டோனைட் என்பது நீரில் ஊறிப் பருக்கும் ஒரு வகைக் களிமண். அசையாமல் இருக்கும்போது கெட்டிப்படும், அசைத்தால் இளகும். மணல் சுவரில் மெல்லிய தோல்போலப் படிந்து, கரைசல் கசிந்து ஓடாமலும் தடுக்கும்.

இங்கே ஆச்சரியமான ஒன்று நடக்கிறது. நம் குழாய் மீட்டருக்குச் சுமார் 1.3 டன் எடை. அது இடம்பெயர்க்கும் கரைசலோ மீட்டருக்கு 1.7 டன். எனவே இடைவெளி முழுதும் நிரம்பியிருந்தால் கான்கிரீட் குழாய் மிதக்கும்! மேற்பக்கம் லேசாகத் தொட்டுக்கொண்டு போகும், அவ்வளவுதான். கரைசல் ஒழுங்காக நிற்கும் இடத்தில் உராய்வு சதுர மீட்டருக்கு 0.2 டன் அளவுக்கு இறங்கிவிடும். 900 டன் கேட்ட அதே தூரத்துக்கு, முகப்பையும் சேர்த்து 200 டன்னுக்குச் சற்று மேல் போதும்.

ஆனால் அந்த இடைவெளி மேலே இருக்கும் தெருவுக்கு ஆபத்து. மீட்டருக்கு 69 லிட்டர் வெற்றிடம் அது. மண் சரிந்து அதை மூடிக்கொண்டால், அதே கொள்ளளவு ஏறக்குறைய அப்படியே மேலே வந்து சேரும். தரை எப்படி இறங்கும் என்பதற்கு ரால்ஃப் பெக் 1969இல் முன்வைத்த முறையைத்தான் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். கவிழ்த்த மணி வடிவில் ஒரு பள்ளம், குழாய்க்கு நேர் மேலே ஆழம் அதிகம், பக்கங்களில் படிப்படியாகக் குறையும். நம் குழாய் 5 மீட்டர் ஆழத்தில் மணலில் போவதானால், பள்ளம் சுமார் 9 மீட்டர் அகலத்துக்குப் பரவி, நடுவில் 18 மில்லிமீட்டர் இறங்கும். தார்ச்சாலைக்கு இது பெரிதில்லை. குறுக்கே ஒரு பழைய வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய் போனால் அதன் இணைப்பு விட்டுப்போகலாம். ஆழம் 3 மீட்டர்தான் என்றால் பள்ளம் ஒடுங்கி, இறக்கம் 30 மில்லிமீட்டரைத் தொடும்.

அப்படியானால் இடைவெளியைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். குறைத்தால் மணல் கவ்வும், ஜாக்கி திணறும். இரண்டையும் சேர்த்துத் தீர்ப்பது கரைசலின் அழுத்தம்தான். நிலத்தடி நீரின் அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதலாக அது நின்றால் மணல் சரியாது. உராய்வும் குறையும், தரையும் நிற்கும். அளவு மீறினால் கரைசல் மண்ணைப் பிளந்துகொண்டு சாலையில் கொப்பளிக்கும்.

பென்டோனைட்டை நல்ல தண்ணீரில் கலந்து, முழுதாக ஊறிப் பருக்க நேரம் கொடுக்க வேண்டும். உப்பு நீரில் அது சரியாகப் பருக்காது. கடலோர ஊர்களில் இதைக் கவனிக்காமல் விட்டால், கலங்கல் தண்ணீரைத்தான் செலுத்துவார்கள். சரளை மண்ணில் கரைசல் நிற்காமல் ஓடும், பாலிமர் சேர்த்தாக வேண்டும். என் கருத்தில், ஒப்பந்தத்தில் பென்டோனைட்டுக்குத் தனியாக விலை கொடுக்க வேண்டும். மீட்டர் கணக்கில் மொத்தத் தொகை பேசினால், முதலில் சிக்கனம் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொருளில்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஜாக்கியின் அழுத்தமானி சொல்லிவிடும். தள்ளிய தூரத்துக்கு எதிராக விசையைக் குறித்து வந்தால், ஒழுங்கான வேலையில் கோடு மெல்லச் சாய்ந்து ஏறும். சாய்வு திடீரென்று நிமிர்ந்தால் எங்கோ மணல் கவ்வியிருக்கிறது, அல்லது பாதை வளைந்து குழாய் மூலையில் இடிக்கிறது. வளைவில் விசை குழாயின் முழுச் சுவரிலும் பரவாமல் ஒரு பக்கமாகக் குவியும். அதனால்தான் இணைப்புகளில் மரத்தாலான வளையம் வைக்கிறார்கள். இருந்தும் அந்த மூலையில் கான்கிரீட் உதிர்வது உண்டு. ஞாயிறு விடுமுறைக்குப் பின் திங்கட்கிழமை முதல் தள்ளலுக்கு விசை எகிறுவதும் வழக்கம். நின்ற நேரத்தில் கரைசல் கெட்டிப்பட்டிருக்கும், களிமண்ணாக இருந்தால் பருத்துக் குழாயைப் பிடித்தும் இருக்கும். கடினமான மண்ணில் இரவும் பகலும் நிற்காமல் ஓட்டச் சொல்வது இதனால்தான். முன்னெச்சரிக்கையாக வரிசையின் நடுவே இடைநிலை ஜாக்கி நிலையங்களைச் செருகுவார்கள். அவை முன்பாதியைத் தனியே தள்ளும், பிறகு பின்பாதி வந்து சேரும். புழு ஊர்வதுபோல் வரிசை நகரும்.

இடைவெளியைவிடப் பெரிய ஆபத்து முகப்பில் இருக்கிறது. நம் இயந்திரம் ஒரு 3 மீட்டர் குழாய்க்கு 5.2 கன மீட்டர் மண்ணை எடுக்க வேண்டும். முகப்பில் அழுத்தம் குறைந்தால் முன்னால் இருக்கும் மணல் தானாகவே உள்ளே வரும். இயந்திரம் சுகமாகப் போவதாகத் தோன்றும், விசையும் குறைவாகவே காட்டும். மேலே சேற்றிலிருந்து பிரித்தெடுத்த மண்ணை எடைபோட்டால்தான் விஷயம் தெரியும். தோண்டிய மண் உப்பும் என்பதால் கொள்ளளவை நம்பாமல் எடையைப் பார்ப்பது நல்லது. 5.2 கன மீட்டருக்கு உரிய எடையைவிடத் தெளிவாகக் கூடினால், சாலைக்கு அடியில் ஒரு பொந்து உருவாகிக்கொண்டிருக்கிறது. அது உடனே மேலே தெரியாது. தார்ப்பரப்பு பாலம்போல் சில நாளோ சில வாரமோ தாங்கி, ஒரு லாரி ஏறும்போது விழலாம். சாலையின் மேல்தோலில் ஆணி அடித்து மட்டம் பார்ப்பதில் பயன் குறைவு. கம்பியைத் தார் அடுக்கைத் தாண்டி மண்ணில் இறக்கி அதன் தலையை அளக்க வேண்டும்.

குழாய் மறுமுனையை அடைந்ததும், கரைசல் செலுத்திய அதே துளைகள் வழியாக சிமென்ட் கலவையைச் செலுத்தி பென்டோனைட்டை வெளியேற்றுவார்கள். பில் போடும் அவசரத்தில் சிலர் தவிர்க்கப் பார்க்கும் வேலை இது. ஆனால் தண்ணீர் வடிந்த பென்டோனைட் சுருங்கும், மணல் அந்த இடத்துக்கு இறங்கும். நெடுஞ்சாலைத் துறையோ ரயில்வேயோ அனுமதி கொடுக்கும்போது, எத்தனை மூட்டை சிமென்ட் எந்தத் துளையில் போனது என்ற பதிவைக் கேட்டு வாங்குவது நல்லது. மீட்டருக்கு 69 லிட்டரோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால், இடைவெளி நிரம்பியதா என்று தெரிந்துவிடும்.