கூட்டினால் முக்கோணம் ஏன் வருகிறது?

கைபேசியில் படமெடுத்து அனுப்பப்பட்ட ஒரு நோட்டுப் பக்கம். கல்லூரிப் புள்ளியியல் பாடத்தின் பயிற்சிக் கணக்கு அதில் இருக்கிறது: X, Y இரண்டும் 0 முதல் 1 வரை சீராகப் பரவிய சமவாய்ப்பு மாறிகள், ஒன்றையொன்று சாராதவை. Z = X + Y எனில், Z-இன் அடர்த்திச் சார்பு என்ன? மாணவி கான்வல்யூஷன் சூத்திரத்தைச் சரியாகவே எழுதியிருக்கிறார். பிறகு 0 முதல் 1 வரை தொகையிட்டு, விடை 1 என்று முடித்திருக்கிறார். புத்தகத்தின் பின்பக்கத்திலோ ஒரு முக்கோணம் வரைந்திருக்கிறது. தட்டையான இரண்டைக் கூட்டினால் கூரை போல நடுவில் உயர்ந்த ஒன்று எப்படி வரும் என்பது அவருடைய கேள்வி.

நல்ல கேள்வி. சூத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பதை வைத்து இதைப் பார்க்கலாம்.

ஒருவர் வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டு தடத்திலும் 10 நிமிடத்துக்கு ஒரு பஸ். நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் என்பதால், முதல் பஸ்ஸுக்கு அவர் காத்திருக்கும் நேரம் 0 முதல் 10 நிமிடத்துக்குள் எதுவாகவும் இருக்கலாம். எல்லா நேரத்துக்கும் சம வாய்ப்பு. இதைத்தான் சீரான பரவல் என்கிறோம். வரைந்தால் 10 நிமிட அகலத்தில், 1/10 உயரத்தில் ஒரு செவ்வகம், பரப்பு 1. இரண்டாவது பஸ்ஸுக்கும் அப்படியே. முதல் காத்திருப்புக்கும் இரண்டாவதற்கும் தொடர்பில்லை என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

மொத்தக் காத்திருப்பு 0 முதல் 20 நிமிடம் வரை போகலாம். அது ஏறத்தாழ 20 நிமிடம் ஆக வேண்டுமென்றால், இரண்டு பஸ்ஸும் கண்ணெதிரே கிளம்பிப் போயிருக்க வேண்டும். ஏறத்தாழ 0 ஆக வேண்டுமென்றால், இரண்டும் அவர் வந்த நொடியிலேயே வர வேண்டும். இரண்டும் அரிது. மொத்தம் 10 நிமிடம் ஆவதற்கோ 1-உம் 9-உம், 4-உம் 6-உம், 8-உம் 2-உம் என்று எத்தனையோ வழிகள்.

இந்த ‘எத்தனையோ’ என்பதை அளந்து பார்ப்பதுதான் கான்வல்யூஷன். மொத்தம் 6 நிமிடம் என்றால், முதல் காத்திருப்பு 0 முதல் 6 வரை எங்கும் இருக்கலாம். மிச்சத்தை இரண்டாவது ஈடுகட்டும். ஆக, முதல் காத்திருப்பு நடமாட 6 நிமிட இடம் இருக்கிறது. மொத்தம் 10 என்றால் 10 நிமிட இடம். மொத்தம் 14 என்றால்? இரண்டாவது 10-ஐத் தாண்டாது. எனவே முதலாவது குறைந்தது 4 ஆக வேண்டும். அதுவும் 10-ஐத் தாண்டாது. 4 முதல் 10 வரை, மறுபடியும் 6 நிமிட இடம்தான். அந்த இடத்தின் நீளத்தை 1/10-ஆல் இரண்டு முறை பெருக்கினால் அடர்த்தி கிடைத்துவிடுகிறது: 6-க்கு 6/100, 10-க்கு 10/100, 14-க்கு 6/100. 10 வரை நேர்கோட்டில் ஏறி, அதன்பின் அதே சரிவில் இறங்குகிறது. முக்கோணத்தின் அடி 20, உயரம் 1/10, பரப்பு 1.

நடைமுறையில் இது என்ன சொல்கிறது? மொத்தம் 15 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க நேரும் நிகழ்தகவு, வலது ஓரத்தில் இருக்கும் சிறு முக்கோணத்தின் பரப்பு. அதன் அடி 5, உயரம் 5/100, எனவே 1/8. ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதற்கும் 1/8. இடைப்பட்ட 5 முதல் 15 நிமிடத்தில் மீதி 3/4 பங்கு அடங்கிவிடுகிறது. மொத்தமும் சீராகப் பரவியிருந்தால் அந்த இடைவெளிக்குப் பாதிதான் கிடைத்திருக்கும்.

இனி நோட்டுப் பக்கத்துக்கு வருவோம். அங்கே 10 நிமிடத்துக்குப் பதில் 1. மாணவி 0 முதல் 1 வரை தொகையிட்டபோது, z = 0.3-க்கும் x = 0.9-ஐச் சேர்த்துக்கொண்டுவிட்டார். அப்படியானால் y = –0.6 ஆக வேண்டும். Y அங்கே போவதே இல்லை. அதன் அடர்த்தி அங்கே 0. x-உம் z – x-உம் இரண்டுமே 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் எல்லைகளைத் தீர்மானிக்கிறது. z ஒன்றைத் தாண்டாதவரை x போகக்கூடியது 0 முதல் z வரை. z ஒன்றைத் தாண்டியபின் z – 1 முதல் 1 வரை. எனவே விடை இரண்டு துண்டுகளாக வருகிறது:

0 ≤ z ≤ 1 எனில் f(z) = z
1 ≤ z ≤ 2 எனில் f(z) = 2 – z

தொகையிடுவதில் இங்கே சிரமமே இல்லை; உள்ளே இருப்பது வெறும் 1. முழு உழைப்பும் எல்லைகளைக் கண்டுபிடிப்பதில்தான். இன்னொரு வழக்கமான தவறு, 0 முதல் z வரை என்ற எல்லையையே z = 2 வரை இழுத்துக்கொண்டு போவது. அப்போது வரைபடம் ஏறிக்கொண்டே போகும், இறங்காது. இரண்டு தவறையும் ஒரே சோதனையில் பிடித்துவிடலாம்: பரப்பைக் கணக்கிடுங்கள். இரண்டிலுமே 2 வரும். 1 வர வேண்டும்.

இரண்டு அகலமும் சமமாக இல்லாவிட்டால் முக்கோணம் கிடைக்காது. இரண்டாவது தடத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால், அடர்த்தி 10 வரை ஏறி, 10 முதல் 20 வரை 1/20 உயரத்தில் தட்டையாக நின்று, 30-இல் தரையைத் தொடும். அது சரிவகம்.

‘ஒன்றையொன்று சாராத’ என்ற சொற்களைத் தேர்வு அவசரத்தில் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த நிபந்தனை போனால் முக்கோணமும் போய்விடும். இரண்டு தடத்திலும் பஸ்கள் பிசகாமல் 10 நிமிடத்துக்கு ஒன்றாக ஓடி, பயண நேரமும் மாறாதிருந்தால், முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் இரண்டாவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரே அளவுதான் காத்திருப்பார். அது 4 நிமிடம் என்றால், மொத்தக் காத்திருப்பு 4 முதல் 14 வரை சீராகப் பரவும், மறுபடி செவ்வகம்தான். போக்குவரத்து நெரிசல் பயண நேரத்தைத் தாறுமாறாக்கும்போதுதான் நம் முக்கோணம் உண்மைக்கு அருகில் வருகிறது.

இந்த வடிவத்துக்கு வயது அதிகம். ஒரே வான்பொருளைப் பலமுறை அளந்து சராசரி எடுப்பது நல்லதா, கவனமாக எடுத்த ஓர் அளவையே நம்புவது நல்லதா என்ற கேள்வியை இங்கிலாந்துக் கணித அறிஞர் தாமஸ் சிம்ப்சன் 1755-இல் எடுத்துக்கொண்டார். பிழைகள் சீராகப் பரவியிருந்தால் என்ன ஆகும், முக்கோணமாகப் பரவியிருந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டு, சராசரியே மேல் என்று காட்டினார். அவர் சொன்னதை நம் முக்கோணத்திலேயே சரிபார்க்கலாம். ஓர் அளவின் பிழை –1 முதல் +1 வரை சீராகப் பரவியிருந்தால், அது அரை அலகைத் தாண்டும் நிகழ்தகவு 1/2. ஒன்றையொன்று சாராத இரண்டு அளவுகளின் சராசரி எடுத்தால், அதே நிகழ்தகவு முக்கோணத்தின் இரு ஓரங்களிலும் உள்ள பரப்பு: 1/8 + 1/8, அதாவது 1/4. ஒரே ஒரு அளவு கூடுதலாக எடுத்ததில், பெரிய பிழை வரும் வாய்ப்பு பாதியாகிவிடுகிறது.