புழுக்கத்திலும் கலையாத புருவம்

மே மாதத்துச் சென்னையில் காலையில் வரைந்த புருவம் மதியத்துக்குள் கலைந்துபோவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். முதலில் அழிவது வால்நுனிதான். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்காமல் புருவம் அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. அது வழிந்து போகும் பாதை அந்த நுனி. முடி குறைந்தவர்களுக்கு அங்கே வெறும் தோல்தான் இருக்கும். அதனால் எதை வாங்குவது என்று யோசிக்கும் முன், முடி எங்கே குறைகிறது என்று கண்ணாடியில் பாருங்கள்.

முடிகளுக்கு நடுவே தோல் தெரிகிறது, அவ்வளவுதான் என்றால் பவுடர் போதும். சாய்வாக வெட்டிய சிறு பிரஷ்ஷால் தடவினால் முடிகள் அதைப் பிடித்துக்கொள்ளும், பார்க்கவும் இயல்பாக இருக்கும். முடியே இல்லாத இடத்தில் அது சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரு சொட்டு வியர்வை வழிந்தாலே கோடு விழுந்துவிடும்.

பென்சிலில் முக்கியமாக இருப்பவை மெழுகும் நிறமும். வியர்வையை அது ஓரளவு தாங்கும். தோலின் எண்ணெய்ப்பசைதான் அதை இளக்கிவிடுகிறது. கண்மைப் பென்சிலால் புருவம் வரையும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகவே மென்மையாகச் செய்யப்பட்ட பொருள் அது, புழுக்கத்தில் ஈஷிக்கொள்ளும். புருவத்துக்கு மெல்லிய முனையுள்ள, சற்றுக் கடினமான பென்சில்தான் சரி.

ஜெல்லில் இரண்டு வகை. மஸ்காரா போலக் குழாயில் வருவது முடியில் மட்டுமே ஒட்டும். வெற்றுத் தோலில் தடவினால் திட்டுத்திட்டாகத் தெரியும். சிறு டப்பாவில் வரும் வாட்டர்ப்ரூஃப் ஜெல் வேறு. அதிலுள்ள திரவம் ஆவியாகிவிட, நிறம் ஒரு படலமாகத் தோலில் படிந்து நிற்கும். வால்நுனி காலியாக இருப்பவர்களுக்கு இதற்கு ஈடு இல்லை. மூடியை இறுக்கி மூடாவிட்டால் டப்பாவிலேயே காய்ந்துவிடும்.

வால்நுனியில் முடியில்லாத ஒருவர் இப்படிச் செய்யலாம். சன்ஸ்கிரீன் தோலில் ஊறியதும் புருவத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, நுனியில் மட்டும் டப்பா ஜெல்லை முடி போன்ற சிறு கீற்றுகளாக வரைய வேண்டும். இரண்டு நிமிடம் தொடக் கூடாது. முன்பகுதி இடைவெளிகளுக்குப் பவுடர், கடைசியில் முடிகளை மேல்நோக்கிச் சீவி நிறமில்லாத ஜெல் ஒரு பூச்சு. நம் கருமுடிக்கு அடர் பழுப்பு பொருந்தும். முழுக் கருப்பு ஒட்டவைத்ததுபோல் இருக்கும்.

கடையில் வாங்கும்போது கையில் ஒரு கோடு போட்டு, காய்ந்ததும் ஈரவிரலால் தேயுங்கள். பிறகு மூக்கோரத்து எண்ணெய்ப்பசையைத் தொட்டுத் தேயுங்கள். இரண்டாவது சோதனையில் நிற்பதுதான் மதியம் வரை நிற்கும். வியர்த்தால் கைக்குட்டையால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். இரவில் தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சை அரை நிமிடம் புருவத்தில் வைத்திருந்து பிறகு வழித்தெடுங்கள். அழுத்தித் தேய்த்தால் இருக்கிற முடியும் உதிரும்.