‘ரீவி ஓவ்’ என்றதும் ரீவி எழும்பியது ஏன்?

சாவகச்சேரியில் தனியாக இருக்கும் எனது அம்மாவுக்குக் கைவிரல் மூட்டுகள் முடக்குவாதத்தால் மடங்கிவிட்டன. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துவிடுவார். ஆனால் ரிமோட்டின் ரப்பர் பொத்தானை அமத்த முடியாது. செய்தி நேரத்துக்கு அயல்வீட்டுப் பிள்ளை பாடசாலையால் வந்து ரீவியைப் போட்டுவிடும்வரை காத்திருப்பார். பிள்ளை வராத நாளில் செய்தி இல்லை.

கொழும்பில் வேலை செய்யும் நான், சென்ற வருடம் ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கரையும் ‘ஐஆர் பிளாஸ்டர்’ எனப்படும் உள்ளங்கை அளவுச் சிறு கருவியையும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மாவின் தொலைக்காட்சி பழையது. இணையம், புளூடூத் எதுவும் அதற்கு இல்லை. கேபிள் வயர் நேரே அதன் முதுகில் போய்ச் செருகுகிறது. அப்படியான தொலைக்காட்சிக்கு ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளி மட்டும்தான் விளங்கும். ஐஆர் பிளாஸ்டர் அந்த ஒளியைப் பார்த்துப் படித்து வைத்துக்கொண்டு, கேட்கும்போது திரும்ப வீசும். ஸ்பீக்கர் சொல்லைக் கேட்கும், வைஃபை வழியாக பிளாஸ்டருக்குச் சொல்லும், பிளாஸ்டர் ரீவியைப் பார்த்து ஒளியை வீசும். ஒரு பின்னேரத்தில் எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். அம்மா ‘ரீவி ஓன்’ என்றார், ரீவி எழும்பியது. ‘ரீவி ஓவ்’ என்றார், படுத்தது. நான் பெருமையோடு பஸ் ஏறினேன்.

நான்காம் நாள் இரவு மின்சாரம் போய் வந்திருக்கிறது. ரீவி போட்டபடியே கண்ணயர்ந்த அம்மா, இருட்டில் விழித்து, எதற்கும் நிப்பாட்டி வைப்போம் என்று ‘ரீவி ஓவ்’ என்று சொல்லியிருக்கிறார். அணைந்து கிடந்த ரீவி அந்தச் சொல்லுக்கு எழும்பி, முழுச் சத்தத்தில் பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டது. பதறிப்போய்த் திரும்பத் திரும்பச் சொல்ல, பாட்டுச் சத்தத்தில் ஸ்பீக்கருக்கு எதுவும் கேட்கவில்லை. அயல்வீட்டார் டோர்ச்சோடு ஓடி வந்திருக்கிறார்கள். அடுத்த ஒரு கிழமை அம்மா அந்தப் பெட்டியோடு பேசவே இல்லை.

பிழை ஸ்பீக்கரில் இல்லை. உங்கள் ரிமோட்டை எடுத்துப் பாருங்கள். போடுவதற்கும் நிப்பாட்டுவதற்கும் அதில் ஒரே பொத்தான்தான் இருக்கும். அந்தப் பொத்தான் சொல்வது ‘எழும்பு’ என்றோ ‘படு’ என்றோ அல்ல, ‘இப்போது இருப்பதற்கு மாறாக இரு’ என்பதைத்தான். மனிதனுக்கு அது போதும், ஏனென்றால் திரையைப் பார்த்துக்கொண்டுதான் அவன் அமத்துகிறான். பிளாஸ்டருக்குக் கண் இல்லை. ஒளியை வீசும், பதில் எதுவும் அதற்குத் திரும்பி வராது. கடைசியாக ‘ஓன்’ சொன்னோமா ‘ஓவ்’ சொன்னோமா என்ற ஞாபகம் மட்டுமே செயலியில் இருக்கும். மின்வெட்டு வந்தாலோ, யாராவது கையால் அணைத்தாலோ அந்த ஞாபகம் பொய்யாகிவிடும். மின்வெட்டுக்குக் குறைவில்லாத நாட்டில் இது எப்போதோ ஒருமுறை நடக்கும் சங்கதி அல்ல.

வழி என்னவென்றால், ரீவி எந்த நிலையில் இருக்கிறது என்று ஊகிப்பதை விட்டுவிட்டு, முதலில் அதை நமக்குத் தெரிந்த ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிடுவது. பழைய தொலைக்காட்சிகள் பலவற்றில் இதற்கு ஒரு வாசல் உண்டு. அணைந்திருக்கும்போது இலக்கப் பொத்தான் ஒன்றை அமத்தினால் எழும்பிவிடும். ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் அலைவரிசை மட்டும் மாறும், அணையாது. உங்கள் வீட்டில் இப்படி வேலை செய்கிறதா என்று ரிமோட்டாலேயே அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். எல்லாத் தொலைக்காட்சிகளும் இதற்கு இசையா. இசையாவிட்டால், பிளாஸ்டரின் செயலியில் உங்கள் தொலைக்காட்சி வகைக்கான பொத்தான் பட்டியலில் ‘Power On’, ‘Power Off’ என்று தனித்தனியே இருக்கிறதா என்று தேடுங்கள். சில தொலைக்காட்சிகள் ரிமோட்டில் இல்லாத அந்தக் கட்டளைகளுக்கும் கீழ்ப்படியும். கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

அம்மாவின் ரீவி இலக்கத்துக்கு எழும்பியது. ஆகவே ‘ரீவி ஓன்’ என்பதை பவர் பொத்தானிலிருந்து கழற்றி, செய்தி வரும் 4 ஆம் இலக்கத்தோடு கட்டினேன். அணைந்திருந்தால் எழும்பி 4 இல் நிற்கும். ஓடிக்கொண்டிருந்தால் 4 க்குப் போகும். எத்தனை தரம் சொன்னாலும் அணையாது.

அணைப்பதற்குக் கொஞ்சம் சுற்றிப் போகவேண்டும். முதலில் ஓர் இலக்கத்தை வீசினால் ரீவி நிச்சயம் ஓடும் நிலைக்கு வந்துவிடும். பிறகு பவரை வீசினால் நிச்சயம் அணையும். இடையில் இடைவெளி வேண்டும், ஏனென்றால் எழும்பும்போது சில செக்கன்களுக்கு ரீவி எந்தப் பொத்தானையும் கவனியாது. அம்மாவின் ரீவிக்கு 6 செக்கன் தேவைப்பட்டது, நான் 10 வைத்தேன். இன்னொரு தந்திரமும் இங்கே உதவியது. அம்மாவின் கேபிளில் 9 ஆம் இலக்கத்தில் ஒன்றும் வருவதில்லை, சத்தமில்லாத நீலத் திரை மட்டும்தான். ஆகவே ‘ரீவி ஓவ்’ என்றால் முதலில் 9, பத்துச் செக்கன் பொறுத்து பவர். நடுச்சாமத்தில் தவறுதலாகச் சொன்னாலும் நடப்பது இவ்வளவுதான்: திரை நீலமாகக் கண் விழித்து, சத்தம் காட்டாமல் திரும்பப் படுத்துவிடும்.

சத்தத்திலும் இதே குருட்டுத்தனம்தான். பிளாஸ்டருக்கு ‘ஒரு படி கூட்டு’, ‘ஒரு படி குறை’ என்பது மட்டும் தெரியும். ‘14 இல் வை’ என்று சொல்ல முடியாது, இப்போது எத்தனையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாதே. ‘மியூட்’ பொத்தானும் பவர் போல மாறிமாறி வேலை செய்வது, அதையும் நம்ப முடியாது. ஆனால் சத்தத்துக்கு ஒரு நிலம் உண்டு. பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது. அம்மாவின் ரீவியில் சத்தம் 0 முதல் 50 வரை. 50 தரம் குறைத்தால், எங்கிருந்து தொடங்கினாலும் பூச்சியத்தில்தான் வந்து நிற்கும். அங்கிருந்து 14 தரம் கூட்டினால் 14. அயல்வீட்டுப் பிள்ளை கிரிக்கெட்டுக்கு 40 வரை ஏற்றிவிட்டுப் போயிருந்தாலும் சரி, அம்மா ‘நியூஸ் சவுண்ட்’ என்றால் 14 க்கு வந்துவிடும்.

செய்து பார்த்தபோது முதலில் 14 க்குப் பதிலாக 11 இலும் 12 இலும் நின்றது. வீச்சுகளுக்கிடையே விட்ட இடைவெளி போதாமல் சில படிகள் தொலைந்திருந்தன. இடைவெளியைக் கூட்டக் கூட்டத் திரையிலுள்ள சத்தக் கோட்டைப் பார்த்து எண்ணினேன். அரைச் செக்கனுக்குக் கிட்ட வந்ததும் பத்துத் தடவையும் 14 தான். முழுவதும் முடிய அரை நிமிடம் செல்கிறது. அம்மாவுக்கு அது பிரச்சினை இல்லை, எனக்குத்தான் பொறுமை இல்லை. இன்னொன்றும் கண்டேன். பல தொலைக்காட்சிகளில் முதல் அமத்தலுக்குச் சத்தக் கோடு மட்டும் தோன்றும், சத்தம் மாறாது. குறைத்துவிட்டு உடனே கூட்டும்போது கோடு ஏற்கனவே திரையில் இருப்பதால் அந்த இழப்பு கூட்டும் கணக்கில் வருவதில்லை.

இந்தத் தொடர்களைப் பிளாஸ்டரின் செயலியில் ‘Scene’ என்ற பெயரில் சேமிக்கலாம். ஸ்பீக்கரின் செயலியில் ‘Routines’ பகுதிக்குப் போய், எந்தச் சொல்லைக் கேட்டால் எந்த ‘Scene’ ஓடவேண்டும் என்று இணைத்துவிட்டால் சரி. அதில் சொல்லைத் தட்டெழுதும் இடத்தில்தான் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் காத்திருக்கிறது.

அமேசானின் அலெக்சாவுக்கு 2019 இல் இந்தி வந்தது, தமிழ் இல்லை. எங்கள் வீட்டு ஸ்பீக்கரும் ஆங்கிலத்தில்தான் ஓடுகிறது. அம்மா ‘ரீவியைப் போடு’ என்று சொன்னால், அதைத் தெரிந்த ஆங்கிலச் சொற்களுக்குள் அடக்கப் பார்க்கும். செயலியில் கேட்ட சொற்களின் வரலாறு இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால், ‘ரீவி போடு’ என்றது `TV photo` என்று பதிவாகியிருந்தது. சிரித்துவிட்டு, அந்த `TV photo` என்பதையே கட்டளைச் சொல்லாகத் தட்டெழுதினேன். வேலை செய்தது! ஆனால் ‘நிப்பாட்டு’ என்பதை மூன்று தரம் மூன்று விதமாகக் கேட்டிருந்தது, அதை விட்டுவிட்டு ‘ரீவி ஓவ்’ என்பதையே வைத்துக்கொண்டேன். உங்கள் வீட்டு முதியவரை ஒரே சொல்லை ஐந்தாறு தடவை சொல்ல வைத்து, வரலாற்றில் ஒரே மாதிரி விழும் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். நாம் சொல்லிப் பார்ப்பதில் பயன் இல்லை, எங்கள் குரல் வேறு, அவர்கள் குரல் வேறு. பிறகு அந்தப் பதிவுகளை அழித்துவிடலாம்.

ஒரு கண்ணி இருக்கிறது. பிளாஸ்டரைச் சேர்க்கும்போது அது ‘TV’ என்ற பெயரில் ஒரு கருவியையும் ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடும். அம்மா வழமையான சொல்லை விட்டுக் கொஞ்சம் மாற்றிச் சொன்னால், ஸ்பீக்கர் நமது தொடரை விட்டுவிட்டு அந்தக் கருவிக்கு நேரே பவரை அனுப்பிவிடும். பழையபடி தலைகீழ். அந்தக் கருவியின் பெயரை யாரும் உச்சரிக்காத ஏதோ ஒன்றாக மாற்றிவிடுங்கள்.

ஸ்பீக்கரை ரீவிக்குப் பக்கத்தில் வைத்தது எனது இரண்டாவது பிழை. அது ரீவியின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அம்மாவின் கட்டில் தலைமாட்டில் இருக்கிறது. பிளாஸ்டருக்கு மாத்திரம் ரீவியை நேரே பார்க்கும் இடம் வேண்டும். ஒருநாள் எதற்கும் அசையாதபோது, பிள்ளையிடம் கைத்தொலைபேசியின் முன் கமெராவை பிளாஸ்டருக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி பல கமெராக்களில் ஊதாப் பொட்டாக மினுங்கும். மினுங்கியது. அப்படியானால் சொல் வந்து சேர்கிறது, ரீவிக்குத்தான் போகவில்லை. பார்த்தால் இடையில் யாரோ ஒரு பூச்சாடியை வைத்திருந்தார்கள். மினுங்காவிட்டால் பிழையை வைஃபையில் தேடவேண்டும்.

இணையம் இல்லாதபோது இது எதுவும் ஓடாது. மின்சாரம் வந்த பின்னும் ரவுட்டர் எழும்ப இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் சொன்னால் பதில் வராது என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ரிமோட் பழைய இடத்திலேயே கிடக்கிறது, பிள்ளை கிரிக்கெட் பார்க்க வரும்போது எடுக்கிறது.

போன கிழமை பேசும்போது அம்மா கேட்டார்: “இந்தப் பெட்டியிட்டைச் சொன்னா மின்விசிறியும் சுத்துமோ தம்பி?”