அந்த 11 சதவீதம் எங்கிருந்து வருகிறது?

செய்தித்தாளில் அவ்வப்போது கடன் பத்திர விளம்பரங்கள் வரும். ஒரு நிறுவனம் 8.5 சதவீத வட்டி தருகிறேன் என்கிறது, இன்னொன்று 11 என்கிறது. இரண்டும் மூன்று வருடப் பத்திரங்கள்; செய்யும் தொழிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசத்துக்கான காரணம் கீழே பொடி எழுத்தில் இருக்கும். முதலாவதன் ரேட்டிங் டிரிபிள் ஏ, இரண்டாவதன் ரேட்டிங் டிரிபிள் பி.

கிரிசில், இக்ரா, கேர் போன்ற நிறுவனங்கள்தான் இந்த ரேட்டிங்கைத் தருகின்றன. உச்சியில் டிரிபிள் ஏ. அதிலிருந்து டபுள் ஏ, ஏ, டிரிபிள் பி என்று இறங்கி, கடைசியில் டி. கம்பெனி நல்ல லாபம் பார்க்குமா, பங்கு விலை ஏறுமா என்பதெல்லாம் இதில் சேராது. வட்டியும் அசலும் முழுதாக, சொன்ன தேதியில் வந்து சேருமா என்ற ஒரே கேள்விக்கான பதில்தான் இது. தவணை ஒரு நாள் தள்ளிப்போனாலே டி கொடுத்துவிடுவார்கள்.

ரேட்டிங் குறைந்தால் வட்டி ஏன் ஏறுகிறது? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அரசுப் பத்திரம் 7 சதவீதம் தருவதாக வைத்துக்கொள்வோம். 100 லட்சம் ரூபாயை அதில் போட்டால், வருட முடிவில் 107 லட்சம் நிச்சயம். அதே பணத்தை நடுத்தர ரேட்டிங் உள்ள நூறு கம்பெனிகளுக்குத் தலா ஒரு லட்சமாகக் கொடுக்கிறீர்கள். அவற்றில் இரண்டு கைவிரித்துவிடுகின்றன. அந்த இரண்டிலும் வழக்கு, ஏலம் எல்லாம் முடிந்து தலா 40,000 ரூபாய்தான் தேறுகிறது. மீதி 98 கம்பெனிகளிடமிருந்து 106 லட்சத்து 20 ஆயிரம் வந்தால்தான் அரசுப் பத்திரத்துக்குச் சமமாகும். அதற்கு ஒவ்வொன்றும் சுமார் 8.37 சதவீத வட்டி தர வேண்டும்.

இந்த 8.37 நட்டத்தை மட்டும்தான் ஈடுகட்டுகிறது. லாபத்தில் ஒரு காசு கூடவில்லை, தூக்கம் மட்டும் கெடுகிறது. இரண்டு என்று நினைத்த இடத்தில் ஐந்து விழலாம். மோசமான வருடத்தில் எல்லாம் சேர்ந்தே விழும். அவசரத்துக்கு விற்கப் போனால் இப்படிப்பட்ட பத்திரத்துக்கு வாங்க ஆள் கிடைப்பதும் கஷ்டம். இந்தச் சங்கடங்களுக்கும் கூலி கேட்பதால்தான் வட்டி 10, 11 என்று போகிறது. போதாக்குறைக்கு, இன்ஷூரன்ஸ், பி.எஃப். பணத்தை நிர்வகிப்பவர்கள் பெரும்பாலும் உயர்ந்த ரேட்டிங் பத்திரங்களையே வாங்க வேண்டும் என்று விதிகள் உண்டு. பெரிய கைகள் விலகிக்கொண்டால், மிச்சமிருப்பவர்கள் கேட்டதுதான் வட்டி.

பத்திரம் வாங்கிய பிறகு ரேட்டிங் இறங்கினால்? ஒரு லட்ச ரூபாய்ப் பத்திரம், 9 சதவீத வட்டி, இன்னும் மூன்று வருடம் பாக்கி. ரேட்டிங் சரிந்து, அந்தக் கம்பெனியிடம் சந்தை 12 சதவீதம் எதிர்பார்க்கத் தொடங்கினால், உங்கள் பத்திரம் சுமார் 92,800 ரூபாய்க்குத்தான் விலைபோகும். கம்பெனிக்கோ வேறு தலைவலி. ரேட்டிங் ஒரு படி இறங்கினால் வட்டியை இத்தனை கூட்டித்தர வேண்டும் என்று பல ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கும். கையில் காசில்லாத நேரம் பார்த்து வட்டிச் செலவு கூடும். அதனாலேயே ரேட்டிங் மேலும் இறங்கும்.

இதெல்லாம் ரேட்டிங் சரியாக இருந்தால்தான். ஐ.எல்.&எஃப்.எஸ். 2018 ஆகஸ்ட் தொடக்கம் வரை டிரிபிள் ஏ. எல்.ஐ.சி.யும் ஸ்டேட் வங்கியும் பங்குதாரர்கள். சாலை, சுரங்கப்பாதை என்று காசு திரும்ப வெகுகாலம் பிடிக்கும் வேலைகளுக்கு, சீக்கிரம் திருப்பித்தர வேண்டிய கடனையும் வாங்கியிருந்தது. செப்டம்பரில் தவணைகள் தவறின, ரேட்டிங் சில வாரங்களில் டி-க்குப் போய்விட்டது. குழுமத்தின் மொத்தக் கடன் சுமார் 91,000 கோடி ரூபாய். டிரிபிள் ஏ என்று நம்பிக் குறைந்த வட்டிக்குக் கொடுத்தவர்கள், டி-க்குரிய அபாயத்தைத்தான் சுமந்திருந்தார்கள். ரேட்டிங் தந்த மூன்று நிறுவனங்களுக்கு செபி பிறகு அபராதம் விதித்தது. ரேட்டிங் போடுவதற்குக் கட்டணம் தருவது கடன் வாங்கும் கம்பெனியே என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

சந்தை சில சமயம் ரேட்டிங்குக்கு முன்பே முந்திக்கொள்ளும். அதே 2018 செப்டம்பர் 21-ஆம் தேதி, வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல்.லின் குறுகிய காலப் பத்திரங்களை ஒரு மியூச்சுவல் ஃபண்ட் விலை குறைத்து விற்றது. வாங்கியவருக்கு அதில் சுமார் 11 சதவீதம் கிடைக்கும். விஷயம் கசிந்ததும் அன்று ஒரே நாளில் அதன் பங்கு 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அப்போதும் அதன் நீண்டகாலப் பத்திரங்கள் டிரிபிள் ஏ. அந்த ரேட்டிங் இறங்கியது 2019 பிப்ரவரியில். ஜூனில் வட்டித் தவணை தவறியது.

பத்திரங்கள் பங்குச் சந்தையில் என்ன விலைக்குக் கைமாறுகின்றன என்பதை யாரும் பார்க்கலாம். பல பத்திரங்களில் வாரக்கணக்கில் வியாபாரமே இருக்காது என்பது உண்மைதான். ஆனால் டிரிபிள் ஏ என்ற பெயரோடு ஒரு பத்திரம் மற்ற டிரிபிள் ஏ-க்களைவிட இரண்டு மூன்று சதவீதம் அதிகம் கொடுக்கும் விலையில் விற்கப்படுகிறது என்றால், விற்பவர் அதை டிரிபிள் ஏ-யாகப் பார்க்கவில்லை.